ஸ்கேன் பண்ணின பிஓகியூவை எக்செலுக்கு எடுக்கேக்க ரோ, கொலம் கலையாம பாக்கிறது: கேள்வி பதில்

வெள்ளவத்தையில இருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்யிறன், கூடுதலா கட்டட வேலை டென்டர் பேப்பர்கள்தான். அதில வாற பிஓகியூ எண்டது ஒவ்வொரு வேலைக்கும் அளவு, விலை, தொகை போட்ட அட்டவணை. அட்டவணை நிறைஞ்ச ஸ்கேன் பற்றிக் கேட்டதுகளுக்கு தெரிஞ்ச அளவு சொல்லுறன்.

கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு தங்கச்சி: அக்கா, 14 பக்க பிஓகியூ, இங்கிலீஷ்ல இருந்து தமிழுக்கு. ஸ்கேன் படத்தை எழுத்தாக்கிற ஓசிஆர் சொஃப்ட்வெயர் ஃபைன்ரீடர்ல போட்டு வேர்டா எடுத்தன், பாக்க அசல் மாதிரியே வந்துது. ஆனா ஒரு சொல்லை மாத்தினா மற்றதெல்லாம் இடம் மாறி ஓடுது.

Exact copy எண்டு சேவ் பண்ணியிருப்பீங்க. அதில ஒவ்வொரு துண்டும் தனித்தனி பெட்டிக்குள்ள நிக்கும், கண்ணுக்கு மட்டும்தான் அட்டவணை. பிஓகியூ எண்டா வேர்டே வேண்டாம், நேரா எக்செலுக்கு எடுங்கோ. அதுக்கு முதல் ஃபைன்ரீடரிலயே ஒவ்வொரு பக்கமா திறந்து அது கீறின டேபிள் கோடுகளைப் பாருங்கோ, அசலில கோடு மங்கின இடத்தில யூனிட்டையும் அளவையும் ஒரே கொலமாக்கி வச்சிருக்கும், அந்த இடத்தில நீங்களே ஒரு நெடுங்கோடு போடலாம். பக்கத்துக்கு ரெண்டு நிமிசம் போகும். இதை விட்டுட்டு எக்செல்ல போய் பிரிக்க வெளிக்கிட்டா அரை நாள் போகும், நான் போய் வந்தனான்.

ஒரு தம்பி: ஸ்கேனை 600 டிபிஐக்கு மாத்திட்டா பிழையே வராது, நான் அப்பிடித்தான் செய்யிறது.

பாதி சரி தம்பி. பேப்பர் கையில இருந்தா திரும்ப ஸ்கேன் பண்ணுறது நல்லதுதான், 300 போதும். ஆனா ஏற்கனவே 150ல எடுத்த படத்தை 600 ஆக்கினா ஃபைல்தான் பெருக்கும், எழுத்து தெளியாது. உள்ளுக்க உண்மையா என்ன இருக்கு எண்டு பாக்க, poppler எண்ட சொஃப்ட்வெயரோட வாற இந்தக் கட்டளை:

```
pdfimages -list boq.pdf
```

x-ppi எண்ட இடத்தில 200க்குக் கீழ நிண்டா நான் ஆளிட்ட திரும்ப ஸ்கேன் கேட்பன். பக்கம் சரிஞ்சிருந்தா அதையும் முதல்ல நிமித்தோணும், சரிவில ஒரு ரோவின்ட விலை கீழ் ரோவில போய் விழும்.

தெஹிவளையில இருந்து: எக்செல்ல வந்திட்டுது. அசலில எத்தினை ரோ, இங்க எத்தினை ரோ எண்டு எண்ணிப் பாத்தா காணும்தானே?

காணாது. ஒரு விவரம் மூண்டு வரியில இருந்தா மூண்டு ரோவா உடையும், வேற இடத்தில ரெண்டு ஐட்டம் ஒட்டிப்போகும். கூட்டிக் கழிச்சா கணக்கு சரியா வந்து நிக்கும், உள்ளுக்க எல்லாம் பிழை. ரோவை எண்ணாம ஐட்டம் நம்பரைத் தொடர்ந்து பாருங்கோ: 3.1, 3.2 எண்டு விடுபடாம போகுதா எண்டு.

இதில எக்செல் ஒரு விளையாட்டு விடும். 3.10 எண்டதை எண்ணா எடுத்து 3.1 ஆக்கிப்போடும், பிறகு 3.1 ரெண்டு இருக்கும், 3.10 இருக்காது. 3-4 எண்டு நம்பர் போட்டவன் பாவம், அது ஒரு திகதியாகிடும். அந்தக் கொலத்தை கொண்டுவரேக்கயே Text எண்டு வச்சிடோணும், பிறகு மாத்தினா போன சைபர் திரும்பி வராது.

கொட்டாஞ்சேனை தங்கச்சி திரும்ப: உடைஞ்ச ரோக்களை எப்பிடி ஒட்டுறது? காசுக் கொலம் வெறுமையா இருந்தா மேல் ரோவோட சேர்த்திடு எண்டு ஒரு ஃபிரெண்ட் சொன்னா.

அப்பிடிச் செய்தா தலைப்புகளும் சேர்ந்து போய் மேல ஒட்டும், தலைப்புக்கும் காசு இல்லைத்தானே. அதோட உடைஞ்ச விவரத்தில காசு சில நேரம் கடைசி வரிக்கு நேரதான் நிக்கும், அப்ப ஃபிரெண்ட் சொன்ன விதி அந்த ரோவைப் பிடிக்கவே பிடிக்காது. ஐட்டம் நம்பர் இல்லாத ரோவை மட்டும் ஃபில்டர் பண்ணி அசலோட வச்சு ஒவ்வொண்டாப் பாருங்கோ. 14 பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் வரும், குறுக்கு வழி எனக்குத் தெரியாது.

மருதானையில இருந்து ஒரு ஐயா: பிள்ளை, இலக்கங்கள் சரியோ எண்டு முழுக்க வாசிச்சுப் பாக்க கண் ஏலாது. வேற வழி இருக்கோ?

இருக்கு ஐயா, பிஓகியூவில அதுதான் சுகம், அளவை விலையால பெருக்கினா தொகை வரவேணும். அளவு D, விலை E, தொகை F எண்டு வைப்பம்:

```
=ROUND(D7*E7-F7,2)
```

சைபர் வராத ரோவை மட்டும் பாருங்கோ. என்ட கையில வந்த ஒண்டு: மண் தோண்டுற ஐட்டம், அளவு 46.5, விலை 1,850.00, தொகை 86,025.00. ஓசிஆர் புள்ளியை விட்டு 465 எண்டு எடுத்திருந்துது, பெருக்கினா 860,250, சரியா பத்து மடங்கு. பத்து மடங்கு, நூறு மடங்கு எண்டா புள்ளிதான் போயிருக்கும். 8ஐ 3 எண்டு வாசிச்சிருந்தா வித்தியாசம் வேற மாதிரி இருக்கும்: 1,850 எண்டது 1,350 ஆனா 46.5 தரம் 500, அதாவது 23,250 குறையும். பக்கத்தின்ட அடியில இருக்கிற கூட்டுத்தொகையையும் பாருங்கோ, முழு ரோ ஒண்டு காணாமப் போயிருந்தா அங்கதான் தெரியும்.

ஆனா யூனிட்டை இது பிடிக்காது. m², m³ ரெண்டிலயும் மேல இருக்கிற சின்ன இலக்கம் ஓசிஆருக்கு எப்பவும் வில்லங்கம், வெறும் m ஆகும், சிலவேளை m² எண்டது m³ எண்டே வரும், பெருக்கல் எல்லாம் சரியாத்தான் நிக்கும். சதுர மீற்றரை கன மீற்றர் எண்டு தமிழில போட்டா பிழை எங்கட தலையில. மேல உள்ளதேதான் எண்டு போடுற ரெண்டு குட்டிக் கோடும் 11 எண்டு வரும். யூனிட் கொலத்தை மட்டும் கண்ணால, மேலிருந்து கீழ.

வத்தளையில இருந்து ஒருத்தர்: எனக்கும் இதே பிரச்சினைதாங்க. தமிழ் பிடிஎஃப்ல இருந்து காப்பி பண்ணினா தமிழ்னு இருக்க வேண்டிய இடத்துல jkpo; னு வருது. எந்த ஓசிஆர் நல்லது?

உங்கட வேற கதை. அது ஸ்கேன் இல்லை, பாமினி ஃபொன்ட்ல அடிச்ச பிடிஎஃப், எழுத்து எல்லாம் உள்ளுக்கயே இருக்கு. பாமினியில இருந்து யூனிகோடுக்கு மாத்துற கன்வேர்டர்ல போட்டா வந்திடும், ஓசிஆர் போட்டு இருக்கிற நல்ல எழுத்தைக் கெடுக்காதேங்கோ. இங்கிலீஷ் சொற்களையும் இலக்கங்களையும் மட்டும் புறம்பா எடுத்து வையுங்கோ, கன்வேர்டர் இங்கிலீஷையும் தமிழாக்கிப்போடும்.

தெஹிவளை: எல்லாம் சரி பாத்தாச்சு, இனி முழு ஷீட்டையும் மொழிபெயர்ப்பு சொஃப்ட்வெயர்ல போடலாமா?

விவரக் கொலத்தை மட்டும் எடுங்கோ, பக்கத்தில 1, 2, 3 எண்டு உங்கட சொந்த நம்பர் ஒண்டு போட்டு. திரும்ப வைக்கேக்க அந்த நம்பரைப் பாத்து வையுங்கோ, வரிசையை நம்பி ஒட்டவேண்டாம், இடையில ஒரு ரோ தவறினா கீழ எல்லாம் ஒண்டு மேல ஏறும், கொங்கிறீற் விலைக்கு நேர பெயின்ட் வந்து நிக்கும். அதோட செல்லுக்குள்ள பழைய வரி முறிவு இருந்தா எடுத்திடுங்கோ, இல்லாட்டி ஒரு வசனம் மூண்டு துண்டாத்தான் உங்களுக்கு வரும்.

மருதானை ஐயா: ஒரு ரோவில பெருக்கல் பிழைக்குது, ஆனா அசலிலயே அப்பிடித்தான் அச்சடிச்சிருக்கு. திருத்தவோ?

திருத்தாதேங்கோ ஐயா, அசலில இருக்கிறபடியே போட்டு, தந்த ஆளுக்கு ரோ நம்பரோட தனியா எழுதிக் குடுங்கோ.

ஒரு தம்பி: பேனையால விலையை வெட்டி பக்கத்தில வேற விலை எழுதி சின்ன ஒப்பம் வச்சிருந்தா எதைப் போடுறது?

ஓசிஆர் அதில ரெண்டையும் கலந்து குப்பைதான் தரும், கையால அடிக்கோணும். நான் புது விலையைப் போட்டு, வெட்டினதையும் குறிப்பில எழுதுவன். என்னோட வேலை செய்யிற அக்கா ரெண்டையும் செல்லுக்குள்ளயே போடோணும் எண்டு நிப்பா, அப்பிடிப் போட்டா அந்த ரோவில ஃபோர்முலா வேலை செய்யாது எண்டு நான் நிப்பன். இன்னும் முடிவில்லை.