பிராந்தியில் கொழுப்பில்லை, பிறகு தொப்பை எங்கிருந்து?

கேள்வி: வயது 44. மார்த்தாண்டத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கடை அடைத்தபிறகு வாரத்தில் ஐந்து நாள் கூட்டாளிகளோடு உட்காருவேன். பீர் குடித்தால் தொப்பை வரும் என்று சொன்னதால், போன வருஷம் அதை விட்டு பிராந்திக்கு மாறினேன். ஒரு குவாட்டர்தான், கோலா ஊற்றி. ராத்திரி சோறு கிடையாது, டச்சிங்ஸ் மட்டும். காலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். ஆனாலும் பேண்ட் 36லிருந்து 38க்குப் போய்விட்டது. பிராந்தியில் கொழுப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை என்கிறார்களே, பிறகு ஏன்?
(பெயர் வேண்டாம், மார்த்தாண்டம்)

பதில்: உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை. பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். பிராந்தியில் கொழுப்பு கிடையாது, சர்க்கரையும் இல்லாத மாதிரிதான். ஆனால் ஆல்கஹாலுக்கே கலோரி உண்டு, கிராமுக்கு 7. சோற்றின் மாவுச்சத்தில் கிராமுக்கு 4, தேங்காயெண்ணெயில் 9. அதாவது நீங்கள் தவிர்க்கிற சோற்றைவிட எண்ணெய்க்குப் பக்கத்தில் நிற்கிற சரக்கு அது.

பாட்டிலின் லேபிளில் கலோரியைத் தேடிப் பயனில்லை. ஆனால் கணக்குப் போடத் தேவையான இரண்டு எண்களும் அங்கேயே இருக்கும்: அளவு 180 மில்லி, ஆல்கஹால் 42.8 சதவீதம். இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்தால் 77 மில்லி. அந்தக் குவாட்டருக்குள் இருக்கிற சுத்தமான ஆல்கஹால் அவ்வளவு. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது, அதனால் எடை 61 கிராம்தான் வரும். 61ஐ ஏழால் பெருக்கினால் ஏறக்குறைய 425 கலோரி. ரம், விஸ்கி, ஓட்கா எதுவானாலும் அதே சதவீதம் என்றால் அதே கணக்குதான்.

இப்போது பீருக்கும் போட்டுப் பாருங்கள். 650 மில்லி பாட்டில், 8 சதவீத ஸ்ட்ராங். அதில் ஆல்கஹால் 52 மில்லி, 41 கிராம். கலோரி 287. பார்லியிலிருந்து வந்து மிஞ்சியிருக்கிற மாவுச்சத்தையும் சேர்த்தால் 350க்கு அருகில் வரும். ஒரு பீரை விட்டு ஒரு குவாட்டருக்கு வந்ததில் நீங்கள் 75 கலோரியைக் கூட்டியிருக்கிறீர்கள். மேலே ஊற்றுகிற 250 மில்லி கோலாவில் இன்னும் 105. தொப்பைக்குப் பீரின் பெயரை வைத்துவிட்டதால் பிராந்தி தப்பித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் பிராந்தியின் 425 கலோரி நேராகக் கொழுப்பாகி வயிற்றில் போய் உட்கார்ந்துவிடுகிறது என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. விஷயம் இங்கேதான் சுவாரசியமாகிறது. மிஞ்சிய சர்க்கரையையும் கொழுப்பையும் சேமித்து வைக்க உடம்பில் இடம் இருக்கிறது. ஆல்கஹாலைச் சேமிக்க இடமே இல்லை. உள்ளே வந்ததை எரித்துத் தீர்த்தாக வேண்டும். அதனால் கல்லீரல் மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு அதைத்தான் முதலில் கையில் எடுக்கிறது. ஆல்கஹாலை உடைத்து அசிடேட்டாக்கி ரத்தத்தில் விடுகிறது. தசைகளும் மற்ற உறுப்புகளும் அந்த அசிடேட்டை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. எரிக்க ஒன்று கைக்கு வந்துவிட்டதால் கொழுப்பை எரிக்கிற வேலை பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

இதை 1999ல் அமெரிக்காவில் எட்டு ஆண்களிடம் அளந்து பார்த்திருக்கிறார்கள். 24 கிராம் ஆல்கஹால் கொடுத்தபோது, உடம்பு கொழுப்பை எரிக்கிற அளவு அடுத்த சில மணி நேரத்துக்கு 73 சதவீதம் விழுந்துவிட்டது. அதே சோதனையில், கொடுத்த ஆல்கஹாலில் கொழுப்பாக மாறியது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆக, பிராந்தி கொழுப்பாவது சொற்பம். கூட வந்த கொழுப்பை அது எரியவிடாமல் தடுப்பதுதான் பெரிய சேதம். உங்கள் குவாட்டரில் இருப்பது 24 கிராம் இல்லை, 61 கிராம்.

சராசரியாக ஒரு ஆணின் உடம்பு மணிக்கு 7, 8 கிராம் ஆல்கஹாலைத்தான் தீர்க்கும். காபி குடித்தாலும் குளித்தாலும் அந்த வேகம் கூடாது. ஒன்பது மணிக்குக் குடித்து முடித்தால் உங்கள் குவாட்டர் தீர அதிகாலை ஐந்து மணி ஆகிவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறவர்கள் தோட்டத்தில் இறங்கி வேலை செய்துகொண்டிருக்கிற நேரத்திலும் உங்கள் கல்லீரலுக்கு நைட் டியூட்டி முடிந்திருக்காது. (அந்த நேரத்தில் கடைக்குச் சாமான் எடுக்க வண்டியை எடுப்பவர் என்றால் இதையும் யோசியுங்கள்.)

இனி அந்த இரவு முழுக்க எரியாமல் காத்திருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். அது உங்கள் டச்சிங்ஸ் தட்டு. நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. நம்மூர் வழக்கத்தை வைத்துச் சொல்கிறேன். பீஃப் ஃபிரை ஒரு பிளேட், தேங்காய்க்கொத்து போட்டு, எண்ணெய் தட்டின் ஓரத்தில் வடிகிற மாதிரி: 350 கலோரிக்குக் குறையாது. இரட்டை ஆம்லெட், 200. ஏத்தங்காய் சிப்ஸ் இரண்டு பிடி, 50 கிராம், 260. நடு மேசையில் கிடக்கிற சிப்ஸை யாரும் கணக்கில் வைப்பதே இல்லை, ஆனால் தட்டில் எடைக்கு எடை கலோரி கூடின சாதனம் அதுதான். மொத்தம் 810. இதில் பாதிக்கு மேல் எண்ணெயும் கொழுப்பும்.

பிராந்தி, கோலா, தட்டு மூன்றும் சேர்ந்து ஒரு ராத்திரிக்கு 1,340 கலோரி. நீங்கள் தியாகம் செய்த சாப்பாட்டில் என்ன இருந்தது? இரண்டு அகப்பை சோறும் சாளைப் புளிமுளமும் ஒரு தோரனும் என்றால் 550 இருக்கும். சோற்றை விட்டதில் லாபம் எதுவும் இல்லை, தினம் 800 கலோரி கடன்தான். முக்கால் மணி நேர நடையில் உங்கள் வயதுக்காரர் செலவழிப்பது 200 சொச்சம். குவாட்டரில் ஏறக்குறைய பாதிக்குத்தான் அது ஈடாகும். நடையை விட்டுவிடாதீர்கள், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அது தேவை. தொப்பைக்கான பொறுப்பை மட்டும் அதன் தலையில் ஏற்றாதீர்கள்.

800ஐ ஐந்தால் பெருக்கி, வாரம் அரைக் கிலோ கூட வேண்டுமே, கூடவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். குடித்த மறுநாள் காலைச் சாப்பாடு பலருக்கு இறங்குவதில்லை, எடை ஏற ஏற உடம்பின் செலவும் ஏறுகிறது. அதனால் தராசு அந்த வேகத்தில் ஏறாது. இடுப்பு ஏறும். ஆண்களுக்கு மிஞ்சுகிற கொழுப்பு தொடையில் சேருவதைவிட வயிற்றுக்குள், குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் சேருவதுதான் அதிகம். கையில் பிடித்தால் மடிப்பாக வராமல் விறைப்பாக முன்னால் தள்ளி நிற்கிற தொப்பை அந்த ரகம். பேண்ட் சைஸை நம்பாதீர்கள், தொப்பைக்குக் கீழே இறக்கிப் போட்டுக்கொள்ளலாம். தையல்கார டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளந்து பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை, பெண்களுக்கு 80.

"தினம் குடிக்கிறவன் ஒட்டிப்போய்த்தானே இருக்கிறான்" என்று யாராவது சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் ஆறுதலுக்குரிய உண்மை இல்லை. வருஷக்கணக்கில் நிறையக் குடிப்பவர் சாப்பாட்டையே மறந்துவிடுகிறார். தசை கரைகிறது. ஆல்கஹாலை உடைக்கிற இன்னொரு வழி கல்லீரலில் வளர்ந்து, அதன் கலோரியில் ஒரு பங்கை வெறும் சூடாக வீணாக்குகிறது. அப்படிப்பட்டவருக்குக் கையும் காலும் குச்சியாக இருக்க வயிறு மட்டும் சில வாரங்களில் வீங்கினால் அது தொப்பையே இல்லை. கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்திருக்கலாம். தொப்புள் வெளியே தள்ளும், மல்லாந்து படுத்தால் இரண்டு பக்கமும் பிதுங்கும், கணுக்கால் வீங்கும், கண் மஞ்சளாகும். நடந்து குறைக்கிற சமாச்சாரம் அல்ல, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது. உங்கள் கூட்டத்தில் யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று ஒரு தரம் பாருங்கள்.

உங்களுக்கு என்ன செய்யலாம்? நிறுத்திவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது. குறைத்துக் குடித்தால் பாதுகாப்பு என்று ஒரு அளவு கிடையாது, உலக சுகாதார நிறுவனமும் அப்படித்தான் சொல்கிறது. உடனே முடியாது என்றால் வரிசையைத் தலைகீழாக்குங்கள். கடை அடைத்ததும் முதலில் வீட்டுக்குப் போய் நீங்கள் விட்ட அந்தச் சோறையும் மீன்கறியையும் சாப்பிடுங்கள், மரச்சீனிக் கிழங்கானாலும் சரி, அளவாக. வயிறு நிறைந்து உட்காருகிறவன் சிப்ஸில் கை வைப்பது குறையும், ஆல்கஹால் ரத்தத்தில் ஏறுவதும் நிதானமாகும். கோலாவுக்குப் பதில் தண்ணீரோ சோடாவோ. ஐந்து நாளை இரண்டாக்கி, குவாட்டரைக் கட்டிங்காக்கினால், 90 மில்லிக்கு 212 கலோரி. இப்போது வாரத்துக்கு பிராந்தியும் கோலாவும் மட்டும் 2,650. அப்போது 424. தட்டில் மிச்சமாவது தனி. இடுப்பை மாதம் ஒரு தரம் அளந்தால் போதும், தினம் பார்த்தால் சலிப்புத்தான் வரும்.

இதோடு வயிற்றுக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், கல்லீரல் ரத்தப் பரிசோதனை, டிரைகிளிசரைடு, வெறும் வயிற்றில் சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். முந்தின ராத்திரி குடித்துவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தால் டிரைகிளிசரைடு தானாகவே ஏறி நிற்கும். குடிக்கிற அளவை டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். "எப்பவாவது" என்று சொன்னால் அவர் வேறு காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

ஒன்று மட்டும் கவனம். குடிக்காத நாளில் காலையில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை வருகிறதா? வருகிறதென்றால் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், குழப்பமும் வரலாம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டி, மருந்தோடு இறக்க வேண்டும். போன் செய்து கேட்க வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.