லாபம் ஏறுகிறது, பணம் வந்ததா?

கேள்வி: நான் பங்கு வைத்திருக்கும் கம்பெனி மூன்று வருடமாக லாபம் கூடுகிறது என்கிறது, ஆனால் கடனும் ஏறுகிறது. ஆண்டறிக்கை 200 பக்கத்துக்கு மேல் இருக்கிறது. கணக்குப் படிக்காத நான் அதில் எதைப் பார்த்தால் கோளாறு இருக்கிறதா என்று தெரியும்?

பதில்: தலைவர் உரையைக் கடைசியில் படித்துக்கொள்ளலாம். நேராக நிதிநிலை அறிக்கைகளுக்குப் போங்கள். துணை நிறுவனங்கள் இருந்தால், எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட ஒருங்கிணைந்த கணக்கை எடுங்கள். அதில் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, லாப நஷ்டக் கணக்கில் உள்ள நிகர லாபம். இன்னொன்று, பணப்புழக்க அறிக்கையில் 'செயல்பாடுகளிலிருந்து வந்த நிகரப் பணம்' என்ற வரி. ஓர் அறிக்கையில் பெரும்பாலும் இரண்டு வருட எண்கள்தான் இருக்கும். அதனால் பழைய அறிக்கைகளையும் எடுத்து, குறைந்தது மூன்று வருடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கம்பெனியின் விற்பனை முதல் வருடம் 400 கோடி, அடுத்து 480, மூன்றாம் வருடம் 600. லாபம் 40, 50, 62. அருமையான வளர்ச்சி. ஆனால் செயல்பாட்டுப் பணம் 38, பிறகு 22, மூன்றாம் வருடம் மைனஸ் 5. லாபம் 62 கோடி என்று எழுதியிருக்கிறது, தொழிலிலிருந்து ஒரு பைசா கைக்கு வரவில்லை.

அந்தப் பணம் எங்கே நிற்கிறது? கம்பெனியின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் 'வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி' என்ற வரியைப் பாருங்கள். 80 ஆக இருந்தது 125 ஆகி, இப்போது 215. பாக்கியை விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால், விற்ற காசு வர எத்தனை நாள் ஆகிறது என்று வரும். இங்கே 73 நாள், 95 ஆகி, 131 ஆகிவிட்டது. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். மூன்றாம் வருடம் விற்பனை கூடியது 120 கோடி, பாக்கி கூடியது 90 கோடி. கூடுதல் விற்பனையில் முக்கால்வாசி அளவுக்குப் பணம் இன்னும் வெளியேதான் இருக்கிறது. வருடக் கடைசியில் சரக்கை விநியோகஸ்தர் தலையில் கட்டி விற்பனையாகக் காட்டினாலும் இப்படித்தான் தெரியும். பெரிய வாடிக்கையாளருக்கு நியாயமாகவே தவணை நீட்டியிருந்தாலும் இப்படித்தான் தெரியும்.

எது என்று பிரித்தறிய, நிதிநிலை அறிக்கைகளுக்குப் பின்னால் வரும் குறிப்புகளில் பாக்கி பற்றிய குறிப்புக்குப் போங்கள். எது எத்தனை நாள் பழைய பாக்கி என்று அங்கே அட்டவணை இருக்கும். வராக்கடனுக்கு, அதாவது வராமலே போகலாம் என்று லாபத்திலிருந்து கழித்து, எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதும் இருக்கும். நான் அதிக நேரம் செலவிடுவது இந்தப் பக்கத்தில்தான். நம் கம்பெனி முதல் வருடம் 80 கோடி பாக்கிக்கு 4 கோடி ஒதுக்கியது, அதாவது 5 சதவீதம். மூன்றாம் வருடம் 215 கோடிக்கும் அதே 4 கோடிதான். பழைய விகிதத்தில் என்றால் கிட்டத்தட்ட 11 கோடி ஒதுக்கியிருக்க வேண்டும். ஆக கடைசி இரண்டு வருடத்தின் வரிக்கு முந்தைய லாபத்தில் சேர்த்துச் சுமார் 7 கோடி, ஒதுக்காமல் விட்டதால் வந்தது. பழைய பாக்கி வீங்கியும் ஒதுக்கீடு நகரவில்லை என்றால் நான் சமாதானம் எதையும் ஏற்கமாட்டேன்.

இப்போது கடனுக்கு வருவோம். கடன் ஏறுவது மட்டுமே குற்றமில்லை, புது ஆலை கட்டினால் ஏறத்தான் செய்யும். எதற்காக வாங்கினார்கள் என்பதுதான் கேள்வி. மூன்றாம் வருடம் இந்தக் கம்பெனி கூடுதலாக வாங்கிய கடன் 75 கோடி. அதில் 45 கோடி இயந்திரங்களுக்குப் போனது, 5 கோடி தொழிலில் விழுந்த பள்ளத்தை அடைத்தது, 20 கோடி டிவிடெண்டாகப் போனது, மிச்சம் 5 கோடி கையில். அதாவது உங்களுக்கு வந்த டிவிடெண்டே கடன் வாங்கிக் கொடுத்தது. அப்புறம், கடனில் எவ்வளவு ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டியது என்றும் பாருங்கள். அது கையிருப்பைவிடப் பல மடங்கு என்றால், வங்கி புதுப்பித்துத் தந்தால்தான் பிழைப்பு.

இந்தச் சோதனைக்குத் தப்பும் வழி ஒன்று உண்டு. அன்றாடச் செலவைச் சொத்தாக எழுதிவிட்டால் லாபமும் கூடும், செயல்பாட்டுப் பணமும் கூடும். அந்தச் செலவு 'முதலீட்டு நடவடிக்கைகள்' பகுதிக்கு நகர்ந்துவிடும். அமெரிக்காவின் வேர்ல்ட்காம் என்ற தொலைபேசி நிறுவனம் செய்தது இதுதான். மற்ற தொலைபேசி நிறுவனங்களுக்குக் கட்டிய இணைப்புக் கட்டணங்களைச் சொத்தாக எழுதியிருந்ததாக 2002 ஜூனில் ஒப்புக்கொண்டது, அப்போதே சொன்ன தொகை 380 கோடி டாலருக்கு மேல். அதனால் செயல்பாட்டுப் பணத்திலிருந்து சொத்து வாங்கிய செலவையும் கழித்து, மிஞ்சுவதைப் பாருங்கள். இந்த இரண்டு பகுதியில் எதில் எழுதியிருந்தாலும் அந்தச் செலவு கழிந்துவிடும். 'கணக்கியல் கொள்கைகள்' குறிப்பைப் போன வருடத்தோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். சொத்தின் ஆயுட்காலத்தை 10 வருடத்திலிருந்து 15 ஆக நீட்டியிருந்தால், தேய்மானம், அதாவது சொத்தின் விலையில் வருடாவருடம் செலவாக எழுதும் பங்கு, குறைந்த அளவுக்கு லாபம் கூடியிருக்கும்.

வங்கி, நிதி நிறுவனப் பங்குகளுக்கு இந்த முறை பொருந்தாது. அங்கே கடன் கொடுப்பதே தொழில், பணப்புழக்கம் வேறு மாதிரி ஓடும். மற்றவற்றில், ஒரு வருடம் பணம் குறைந்தால் காரணத்தைத் தேடுங்கள். இரண்டு வருடம் தொடர்ந்து குறைந்து, பாக்கி நாளும் நீண்டு, நிர்வாகம் அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை என்றால், நானாக இருந்தால் அந்தப் பங்கில் புதுப் பணம் போடமாட்டேன்.