காசு போச்சு, மெஷின் வரேல்லை

கேள்வி: வெளிநாட்டு இணையக் கடையொன்றில் தையல் மெஷினுக்கு மார்ச் 3ஆம் திகதி காட்டால் 148 டொலர் கட்டினேன். 20ஆம் திகதிக்குள் வரும் என்றார்கள், வரவில்லை. வங்கியில் 'விபரம் போதாது' என்று திருப்பிவிட்டார்கள். – கொக்குவில் வாசகி

பதில்: பிள்ளை, பிழை உங்களில் இல்லை. காட்டால் கட்டின காசை வங்கி மூலம் கடையிடமிருந்து திருப்பிக் கேட்பதுக்கு சார்ஜ்பேக் என்று பெயர். விசா, மாஸ்டர்காட் விதிப்படி, வராத பொருளுக்கு வழமையான கெடு, வருவதாகச் சொன்ன நாளிலிருந்து 120 நாள். உங்களுக்கு அது ஜூலை 18. ஆனால் வங்கிகள் தங்கள் படிவத்தில் இதைவிடக் குறைந்த நாளும் போடும், ஆகவே இந்தக் கிழமையே போங்கோ.

கணக்குக்கூற்றில் அந்த வரியை எடுங்கோ. அதிலுள்ள கடைப் பெயர், நீங்கள் பார்த்த தளத்தின் பெயராக இல்லாமலும் இருக்கலாம். கூற்றில் உள்ளதையே எழுதுங்கோ. திகதி, தொகை, காட்டின் கடைசி நாலு இலக்கம், கொடுக்கல்வாங்கல் இலக்கம் போதும். பின்பக்கத்து மூன்று இலக்கத்தை ஒருவருக்கும் எழுதிக் குடுக்கவேண்டாம். கொடுக்கல்வாங்கலைத் தேடிப் பிடிக்க உதவும் ஏஆர்என் என்ற 23 இலக்க எண் உங்களிடம் இல்லாவிட்டால் வங்கியே தேடி எடுக்கும். '20ஆம் திகதிக்குள்' என்று கடை எழுதிய ஓடர் மின்னஞ்சலை அச்செடுத்து இணையுங்கோ. கெடு அந்தத் திகதியிலிருந்துதான் தொடங்குது.

இனி என் வயிற்றெரிச்சல். கடையோடு முதலில் நீங்களே பேசிப் பார்த்ததுக்கு ஆதாரம் கேட்பார்கள். நம்மவர்கள் கோல்தான் எடுப்பார்கள்! நானும் ஒருக்கா வராத பிரஷர் குக்கருக்கு ஒன்பது தரம் கோல் எடுத்தன். ஒவ்வொரு தரமும் 'நாளைக்கு அனுப்புறம்'. வங்கியில் காட்ட என்னிடம் இருந்தது கோல் லிஸ்ட் மட்டும், யார் என்ன சொன்னார்கள் என்பதுக்கு ஒரு வரி இல்லை. காசு போச்சு. ஆகவே ஓடர் இலக்கத்தோடு, 'பொருள் வரவில்லை, காசைத் திருப்பித் தாருங்கள்' என்று ஒரு மின்னஞ்சல். ஒரு கிழமையில் பதில் இல்லையெனில் இரண்டாவது. ஸ்கிரீன்ஷொட்டில் திகதியும் அனுப்பிய முகவரியும் தெரியவேணும். பாதியை வெட்டிக் கொண்டுபோகாதீர்கள். கடை பதில் போடாததும் உங்களுக்கு ஆதாரம்தான்.

வங்கி படிவத்தை வாங்கியதுக்கு திகதியிட்ட கடிதமோ முறைப்பாட்டு இலக்கமோ கேட்டு வாங்குங்கோ. இழுத்தடித்தால் மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கு.

கேள்வி: முகநூலில் சேலை விற்றவரின் கணக்குக்குக் காசு போட்டேன், சார்ஜ்பேக் கேட்கலாமா? – சாவகச்சேரி

பதில்: இல்லை. சார்ஜ்பேக் காட்டுக்குத்தான், கணக்குக்குப் போட்ட காசுக்கு இல்லை. வங்கிக்கு உடனே சொல்லி, சீட்டோடு பொலிஸுக்குப் போங்கோ. உங்களை ஏமாற்றினவர் அடுத்த ஆளையும் தேடுவார்.

கேள்வி: சப்பாத்து வந்தது, ஆனால் காலுக்குச் சின்னன். சார்ஜ்பேக்? – பருத்தித்துறை

பதில்: நீங்கள் கேட்ட அளவே வந்திருந்தால் இல்லை. அளவு அட்டவணை எதுக்குப் போட்டிருக்கு?