புது மெஷின், முதல் வருஷக் கழிவு: ஆடிட்டர் பதில்கள்

லேத் பட்டறைப் பங்குதாரர், கோவை: 40 லட்சத்துக்குப் புது சிஎன்சி வாங்குகிறோம். கூடுதல் தேய்மானம் 20 சதவீதமாமே. அப்போ எட்டு லட்சம் மிச்சமா சார்?

எட்டு லட்சம் லாபத்தில் கழிகிறது, வரியில் அல்ல. உங்கள் பார்ட்னர்ஷிப்புக்கு வரி 30 சதவீதம். செஸ்ஸை விட்டுவிட்டால் இந்த வருஷம் 2.4 லட்சம் குறையும். அதுவும் கடன்தான். வழக்கமான 15 சதவீதம், அதாவது 6 லட்சம், கூடுதல் 8 லட்சம் இரண்டும் போனால் மெஷின் கணக்கில் 26 லட்சம் நிற்கும். அடுத்த வருஷம் அதில் 15 சதவீதம், 3.9 லட்சம்தான் கழியும். கூடுதலே எடுக்காமல் இருந்தால் 34 லட்சத்துக்கு 5.1 லட்சம் கழிந்திருக்கும். இப்படி வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுப்பீர்கள். நடுவில் அந்தப் பணத்துக்கு வட்டி இல்லை, அதுதான் லாபம். பேங்க் ஓவர்டிராஃப்டுக்கு 11 சதவீதம் வட்டி கட்டுகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

நூல் மில் மேனேஜர்: மார்ச் 31க்குள் பில் வந்தால் போதும்தானே?

பாதி சரி. மெஷின் ஓடியிருக்க வேண்டும். ஓடியது 180 நாளுக்குக் குறைவு என்றால் இரண்டு விகிதமும் பாதி. என் கட்சிக்காரர் ஒருவருக்கு 40 லட்ச மெஷின் செப்டம்பரிலேயே வந்துவிட்டது. கரண்ட் லோடு ஏறாமல் அக்டோபர் 20ல்தான் முதல் பீஸ் வெட்டினார். 14 லட்சத்துக்குப் பதில் 7 லட்சம்தான் கழிந்தது. விட்டுப்போன கூடுதல் 4 லட்சம் அடுத்த வருஷம் கிடைத்தது, ஆனால் அட்வான்ஸ் டாக்ஸுக்குப் போட்டு வைத்த கணக்கு கெட்டது. மார்ச் 31 வரை 180 நாள் தேற அக்டோபர் 3க்குள் மெஷின் ஓட வேண்டும், அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட், முதல் ஜாப் கார்டு, அந்த மாச மின் பில் மூன்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள்.

இன்னொரு ஆடிட்டர்: ட்ரயல் ரன்னே போதும் என்று நான் க்ளெய்ம் செய்திருக்கிறேன்.

அப்படி வாதாடி ஜெயித்தவர்கள் உண்டு. ஆனால் அதிகாரி கேள்வி கேட்பார். நான் என்றால் விற்பனைக்குப் போன முதல் பீஸின் தேதியைத்தான் எடுப்பேன்.

டை மேக்கர்: நான் பழைய மில்லிங் மெஷின் நாலு லட்சத்துக்கு ரொக்கமாக வாங்கினேன். எனக்கு 20 சதவீதம் உண்டா?

இது வேற கதை. பழைய மெஷினுக்குக் கூடுதல் கிடையாது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை விலையிலேயே சேராது. அதனால் உங்களுக்கு 15 சதவீதமும் போச்சு.

பிரைவேட் லிமிடெட் இயக்குநர்: 22 சதவீத வரிக்கு மாறிவிட்டோம். இனி?

கூடுதல் தேய்மானத்தை விட்டுத்தான் அதை வாங்கினீர்கள், திரும்பவும் முடியாது. வருஷா வருஷம் மெஷின் வாங்காத கம்பெனிக்கு நல்ல பேரம்தான்.

திருப்பூர் வாசகர்: இங்கிலாந்தில் மச்சானின் கம்பெனி முழு விலையையும் முதல் வருஷமே கழித்ததாம். நிஜமா?

நிஜம்தான். அங்கே 2023 ஏப்ரலிலிருந்து கம்பெனிகள் வாங்கும் புது மெஷினுக்கு 100 சதவீதம். ஆனால் பிறகு விற்றால், விற்ற பணம் முழுக்க வருமானமாகச் சேரும். மச்சானிடம் அதையும் கேளுங்கள்.