பெயிண்டை எடுப்பது உப்புத்தாளின் வேலை இல்லை

"பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். வாசல் கதவு தேக்கு, மேலே நாலைந்து கோட் எனாமல் பெயிண்ட். அதை எடுத்துவிட்டுப் பாலிஷ் போட எந்த நம்பர் உப்புத்தாள் வாங்குவது? நேராக 220 வாங்கினால் போதுமா?"

220 போதாது. அதைவிட முக்கியம், பெயிண்டை உப்புத்தாளால் எடுக்க வேண்டாம். பெயிண்ட் போன பிறகு மரத்தைச் சீராக்கத்தான் உப்புத்தாள்.

நான் செங்கோட்டைக்காரன். பாலிஷ் வேலையை என் மாமாவிடம் கற்றுக்கொண்டேன், புனலூர் பக்கம் பட்டறையிலும் இருந்திருக்கிறேன். எங்கள் ஊர் முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அந்தக் காலத்து வீடுகளில் தேக்கும் பலாவும் கைக்கு அடங்காத கனத்தில் இருக்கும். அந்தக் கதவுகளை மிஷின் போட்டுக் கெடுத்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பெயிண்ட். எனாமலை உப்புத்தாளால் தேய்த்தால் உரசும் சூட்டில் பெயிண்ட் இளகி, தாளில் உள்ள மணிகளுக்கு நடுவில் போய் அடைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் தாள் பளபளவென்று வழுக்கும். வெட்டவில்லையே என்று அழுத்துவீர்கள், அழுத்தினால் சூடு கூடும், இன்னும் அடைக்கும். அதோடு கதவில் பூ வேலையோ, பலகை ஓரத்தில் வளைவுப் பட்டியோ இருந்தால், பள்ளத்தில் பெயிண்ட் அப்படியே இருக்க, மேட்டில் மரமே தேய்ந்து போயிருக்கும்.

இன்னொன்று ஈயம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. நாலைந்து கோட் உள்ள கதவு என்றால் அதில் பெரும்பாலும் அதற்கு முந்தைய பெயிண்ட் இருக்கும். காய்ந்த பெயிண்டைத் தேய்த்துப் பொடியாக்கினால் அந்த ஈயம் வீடு முழுக்கத் தூசியாகப் படியும், தவழும் குழந்தை கைக்கும் போகும். "எங்க தாத்தா காலத்துல இருந்து தேய்ச்சுக்கிட்டுதான் இருக்கோம், ஒண்ணும் ஆகல" என்று கீழே ஒருவர் எழுதுவார். ஈயம் அன்றைக்கே காய்ச்சல் வரவைக்கும் சங்கதி இல்லை. மெதுவாகச் சேர்ந்து, அதிகமாகக் குழந்தைகளின் மூளையைப் பாதிப்பது.

ஆகவே பெயிண்ட் ரிமூவரும் பட்டி பிளேடும்தான் வழி. புளியரையில் என் சித்தி வீட்டுக் கதவைச் செய்ததைச் சொல்கிறேன், உங்களுடையதும் அதே மாதிரிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். இரட்டைக் கதவு. மேலே பச்சை, அதற்குக் கீழே நீலம், அடியில் இளஞ்சிவப்பு பிரைமர். கீல் கழற்றி, முற்றத்தில் தார்ப்பாய் விரித்துப் படுக்கப் போட்டோம். மருந்தைக் கெட்டியாக ஒரே வாக்கில் பூச வேண்டும், பிரஷ்ஷைத் திரும்பத் திரும்ப இழுக்கக் கூடாது. பூசியதும் மேலே பாலிதீன் தாள் மூடி வைத்தால் சீக்கிரம் காயாது. கால் மணி, இருபது நிமிடத்தில் பெயிண்ட் சுருங்கி எழும்பும். அப்போது பிளேடால் ரேகை வாக்கில் தள்ள வேண்டும். பிளேடின் இரண்டு மூலைகளையும் அரத்தால் உருட்டி விடுங்கள். கூர்மூலை மரத்தில் போட்ட கோட்டை எடுக்க அப்புறம் 60 நம்பர் தேடி ஓட வேண்டும்.

பச்சையும் நீலமும் முதல் பூச்சிலேயே வந்துவிட்டன. பிரைமர்தான் பாடு படுத்தியது. தேக்கில் துளைகள் பெரிது, பிரைமர் அதற்குள் புகுந்து சிவப்புப் புள்ளியாக நின்றது. இதை உப்புத்தாளால் எடுக்க நினைத்தால் மரம்தான் குறையும், புள்ளி போகாது. இரண்டாவது தடவை மருந்து பூசி, ஈரமாக இருக்கும்போதே பித்தளை பிரஷ்ஷால் ரேகை வாக்கில் தேய்த்தால் வந்துவிடும். கடைசியில் தின்னர் நனைத்த துணியால் முழுக்கத் துடையுங்கள். பல ரிமூவர்களில் மெழுகு சேர்த்திருப்பார்கள், அது மரத்தில் தங்கினால் பாலிஷ் பிடிக்காது. மருந்து கையில் பட்டால் எரியும், அதன் ஆவியும் நல்லதில்லை. கெமிக்கல் தாங்கும் கையுறை போட்டுத் திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள், அடைத்த அறையில் செய்யவே கூடாது. சுரண்டிய கழிவை ஈரமாகவே அள்ளிக் கட்டிவிடுங்கள்.

இப்போது உப்புத்தாள். நம்பர் கூடக் கூட மணி பொடியாகும். 80 நம்பரில் ஒரு மணி சுமார் 0.2 மில்லிமீட்டர், 120-ல் 0.125, 180-ல் 0.08, 220-ல் 0.07 இருக்கும். ஒவ்வொரு நம்பரும் அதன் மணி அளவுக்கு ஏற்ற கீறலை மரத்தில் போடும். அடுத்த நம்பருக்கு இருப்பது ஒரே வேலை, முந்தைய நம்பர் போட்ட கீறலை அடி வரைக்கும் எடுத்து, அதைவிடச் சின்னக் கீறலை வைப்பது.

எனவே 80, 120, 180 என்று போங்கள். பட்டி பிளேடு தடத்தை எடுக்க 80 வேண்டும். அங்கிருந்து 220-க்குத் தாவினால், அந்தச் சின்ன மணி 80 போட்ட கீறலின் மேட்டை மட்டும் மழுக்கும், பள்ளத்தின் அடிக்குப் போகாது. கையால் தடவினால் வழவழவென்றுதான் இருக்கும். பாலிஷ் போட்டதும் சாயம் அந்தப் பள்ளங்களில் இறங்கிக் கருங்கோடுகளாகத் தெரியும். அப்போது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி 120-ல் தொடங்க வேண்டியதுதான்.

ஒரு நம்பர் முடிந்ததா என்று பார்க்கப் பென்சில் போதும். அடுத்த தாளைத் தொடும் முன் பலகை முழுக்க லேசாகக் கிறுக்குங்கள். கிறுக்கல் முழுதும் போகும் வரை ஒரே சீராகத் தேயுங்கள். போகாமல் நிற்கும் இடம் பள்ளம். அப்புறம் இருட்டில் டார்ச்சைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்து அடித்துப் பாருங்கள், குறுக்குக் கீறல் இருந்தால் அப்படியே எழும்பித் தெரியும். தின்னர் தொட்டுத் துடைத்தாலும் தெரியும். பாலிஷ் போட்ட பிறகு கதவு எப்படி இருக்கும் என்பதை அந்த ஈரம் காயும் முன் பார்த்துக்கொள்ளலாம்.

வாசல் கதவுக்கு 180-ல் நிறுத்திக்கொள்ளலாம். உள்ளறை மேஜை, அரக்குப் பாலிஷ் என்றால் 220 வரை போங்கள். அதற்கு மேல் வெறும் மரத்தை மழுக்கிக்கொண்டே போனால் சாயம் உள்ளே இறங்காமல் வெளிறித் தெரியும். சீலர் அடித்த பிறகு 320-ல் லேசாக நீவுவது வேறு கணக்கு.

தாளின் வகையையும் கேட்டு வாங்குங்கள். கடையில் "உப்புத்தாள்" என்று மட்டும் சொன்னால் கைக்கு வந்ததைக் கொடுப்பார்கள். வெறும் மரத்துக்கு வேண்டியது அலுமினியம் ஆக்சைடு தாள், பெரும்பாலும் செம்பழுப்பு நிறம். மணிகளுக்கு நடுவே இடைவெளி விட்டு ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது, தூள் அடைக்காது. கறுப்பு வாட்டர் பேப்பர் சிலிக்கான் கார்பைடு. கார் பெயிண்டுக்கும் பாலிஷ் கோட்டுகளுக்கு நடுவிலும் அருமையானது, ஆனால் வெறும் தேக்கில் தேய்த்தால் கறுப்புத் தூள் துளைகளில் தங்கும். எமரித் துணி இரும்புக்கு.

மலிவான பழைய வகைத் தாளில் மணிகளை வஜ்ரப் பசையால் ஒட்டியிருப்பார்கள். எங்கள் பக்கம் சாரல் மாதங்களில் அது ஈரம் குடித்து உதிரும். கடையிலேயே தாளை லேசாக மடக்கிக் கட்டைவிரலால் நீவிப் பாருங்கள், மணல் கையில் கொட்டினால் வாங்காதீர்கள். உதிர்ந்த ஒரு மணி 180 தாளுக்கு அடியில் மாட்டினால், செய்து முடித்த பலகையில் நீளமாக ஒரு கீறல் இழுத்துவிடும். அதனால் நம்பர் மாற்றும்போதெல்லாம் ஈரத்துணியால் பலகையைத் துடையுங்கள்.

தாளை விரலால் பிடித்துத் தேய்க்காதீர்கள், விரல் தடம் பள்ளமாக விழும். உள்ளங்கை அளவு சமதளக் கட்டையில் பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டி ஒட்டி, அதில் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். வளைவுப் பட்டிக்குக் கயிற்றுத் துண்டில் சுற்றலாம். வரிசையும் முக்கியம். நடுப்பலகை முதலில், அப்புறம் குறுக்குச் சட்டம், கடைசியில் நெடுஞ்சட்டம். குறுக்குச் சட்டத்தைத் தேய்க்கும்போது மூட்டைத் தாண்டி நெடுஞ்சட்டத்தில் விழும் கீறலை, நெடுஞ்சட்டத்தைத் தேய்க்கும்போது எடுத்துவிடலாம். மாற்றிச் செய்தால் எல்லா மூட்டிலும் குறுக்குக் கீறல் நிற்கும்.

மிஷின் கூடாது என்று சொல்லவில்லை. ஆர்பிட்டல் சாண்டர் நல்ல கருவி, கடைசி நம்பரை மட்டும் கையால் ரேகை வாக்கில் முடித்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது ஆங்கிள் கிரைண்டரை. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் அதில் தாள் தட்டு மாட்டி, என் அண்ணன் வீட்டுக் கதவை ஒரு காண்ட்ராக்டர் ஆள் அரை நாளில் முடித்துக் கொடுத்தான். பாலிஷ் ஏறியதும் பலகை எங்கும் பிறை பிறையாகத் தடம். அது மேல்கீறல் இல்லை, பள்ளம். இழைப்புளி போட்டு இழைத்தால்தான் போகும், அப்படி இழைத்தால் பலகை மெலியும்.

இதில் இன்னொரு கொடுமை, பழைய மரச்சாமான் வாங்குகிறவர்கள். வேன் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக வந்து, "பெயிண்ட் அடிச்ச கதவுதானே அண்ணாச்சி, இதுக்கு என்ன விலை வரும்" என்று அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். பதிலுக்கு இரும்புக் கதவு மாட்டித் தருகிறேன் என்பார்கள். வீட்டில் இருப்பவர்களும் தொல்லை விட்டது என்று கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பச்சைப் பெயிண்டுக்கு அடியில் என்ன மரம் இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள்.

நான் சொன்னதெல்லாம் முழு மரத்துக்கு. வெனீர் ஒட்டிய பிளைவுட் என்றால் 80 பக்கமே போகாதீர்கள், மேல்தோல் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. 180-ல் கையால் லேசாக நீவுவதோடு சரி. பலாவாக இருந்தால் ஓரிடத்தில் மட்டும் தேய்க்காதீர்கள். வெட்டிய புதிதில் மஞ்சளாக இருந்து வருஷக்கணக்கில் பழுப்பாகும் மரம் அது, தேய்த்த இடம் மட்டும் மஞ்சள் திட்டாகத் தெரியும்.

இரட்டைக் கதவுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 80-ல் எட்டுத் தாள், 120-லும் 180-லும் ஆறாறு தாள் வாங்குங்கள். வெட்டுவது குறைந்தால் அழுத்த வேண்டாம், தாளை மாற்றுங்கள். மழை நாளாகப் பார்த்துத் தொடங்காதீர்கள், ஈர மரத்தில் நார் நார்தான் எழும்பும், தாளும் அடைக்கும். கடைசித் தேய்ப்பு முடிந்ததும் தின்னர் துணியால் துடைத்து, அன்றைக்கே முதல் கோட் சீலரைப் போட்டுவிடுங்கள்.