துரோகம் செய்த துணையை மன்னிப்பது என்றால் என்ன?

கொழும்பில் வேலை செய்யும் கணவர் வேறொரு பெண்ணோடு பழகியது தெரிந்துவிட்டது. மன்னிப்பதா? மனம் ஆற எவ்வளவு காலமாகும்?

மன்னிப்பு என்பது பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிடுவது. நம்பிக்கையோ அவருடைய நடத்தையைப் பார்த்துத்தான் திரும்பும். ஆகவே முதல் சில வாரங்களில் முடிவெடுக்காமல், அவர் அந்தத் தொடர்பை முழுவதும் அறுத்தாரா, ஒரே கேள்வியைப் பத்தாவது முறை கேட்டாலும் எரிந்துவிழாமல் உண்மையைச் சொல்கிறாரா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை ஹட்டனில் உள்ள வீட்டுக்கு வருபவர் கைபேசியைக் கவிழ்த்து வைக்காமல் மேசையில் விட்டுச் செல்வது, கோயிலில் செய்யும் சத்தியத்தைவிடப் பெரிது என்பது என் எண்ணம்.

கவ்வாத்து வெட்டிய தேயிலையில் உடனே கொழுந்து பறிக்க முடியாததுபோல, மனம் ஆறவும் ஓரிரு ஆண்டுகள் ஆகலாம்; ஏமாந்த மனம் ஆபத்தைத் தேடிக்கொண்டே இருப்பதால், நல்ல நாளிலும் ஒரு கைபேசி மணி பழைய வலியைக் கிளப்பும்.

மன்னித்தால் சேர்ந்து வாழ்ந்தே ஆகவேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். மன்னித்துவிட்டுப் பிரிந்து போகவும் செய்யலாம்.