பழைய குழித்தட்டுகளை வெறும் தண்ணீரில் அலசினால் போதுமா?

கேள்வி: போன பட்டத்தில் மிளகாய் நாற்று விட்ட குழித்தட்டுகள் நிறைய இருக்கின்றன. தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தால் போதாதா, மருந்தில் முக்க வேண்டுமா?

போதாது. சென்ற முறை நாற்றுகள் சாய்ந்து விழுந்ததால்தான் நீங்கள் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விழவில்லை என்றாலும் என் பதில் மாறாது.

நான் சிறிய அளவில் மிளகாய், கத்தரி நாற்று வளர்த்துக் கொடுப்பவன். ஒரு பட்டத்தில் தட்டுகள் பற்றாமல் போகவே, வெளியிலிருந்து பழைய 98 குழித் தட்டுகளை வாங்கினேன். கழுவியாயிற்று என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். விதை, தென்னைநார்க் கழிவு, தண்ணீர் எல்லாம் ஒன்றாக இருந்தும், புதுத் தட்டுகளில் நாற்றுகள் நிமிர்ந்து நிற்க, வாங்கிய தட்டுகளில் மட்டும் தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் நீர்கோத்து, நூல்போல் மெலிந்து, திட்டுத்திட்டாகச் சாய்ந்தன. ஒரு தட்டைக் கவிழ்த்துக் குழியின் அடித்துளையைக் குச்சியால் நெருடிப் பார்த்தபோது, பழைய வேர்த்துணுக்கும் நார்த்தூளும் வளையமாக ஒட்டியிருந்தது தெரிந்தது. நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம் பூஞ்சணத்தின் தடித்த சுவருடைய வித்துகள், காய்ந்த வேரிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். விற்றவரோ, நான் தண்ணீர் அதிகம் ஊற்றியதாகச் சொல்லிவிட்டார். ஈரம் மிகுந்தால் இந்நோய் பெருகும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே ஈரத்தில் பக்கத்துத் தட்டு ஏன் பிழைத்தது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. பல ஊர் விவசாயிகளிடமிருந்து திரும்பி வரும் தட்டுகளை அப்படியே அடுக்கி அடுத்தவருக்கு விற்கும் வழக்கம் இன்றும் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

இப்போது முதலில் தட்டுகளை ஊறவைத்து, சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு அடித்துளை வரை தேய்த்துக் கழுவுகிறேன். இதுதான் பாதி வேலை. ஏனெனில் மண்ணும் வேரும் ஒட்டியிருந்தால், அடுத்து முக்கும் பிளீச்சில் உள்ள குளோரின் அவற்றோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும், கிருமியை எட்டாது. பிறகு ஏறத்தாழ 5 சதவீத வீரியமுள்ள வீட்டு உபயோக பிளீச் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, தட்டு முழுவதும் மூழ்கும்படி பத்து நிமிடம் வைக்கிறேன். குழிகளில் காற்றுக்குமிழி தங்கினால் அந்த இடம் நனையாது என்பதால் தட்டைச் சற்றுச் சாய்த்து இறக்க வேண்டும். கரைசல் கலங்கினால் புதிதாகக் கலக்குங்கள். நேற்றுக் கலந்ததை இன்று நம்ப வேண்டாம். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

மண் தொட்டி நுண்துளைகள் கொண்டது என்பதால், அதை அரை மணி நேரம் வரை ஊறவிடுகிறேன். அதில் படிந்த வெள்ளை உப்பை வினிகரால் நீக்குவதானால், வினிகரை முற்றிலும் அலசிய பின்னரே பிளீச் பக்கம் கொண்டு செல்லுங்கள். இரண்டும் கலந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

இறுதியில் நல்ல தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்துங்கள். வெயில் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கழுவிய தட்டுக்கு வெயில் நல்லதுதான், கழுவாத தட்டை அது காப்பாற்றாது. விதையிலோ தண்ணீரிலோ வரும் நோயை இம்முறை தடுக்காது. பயன்படுத்திய பழைய நார்க் கழிவை மீண்டும் நிரப்பினாலும், கழுவிய தட்டை வெறுந்தரையில் அடுக்கினாலும், நோய் திரும்ப ஏறிவிடும்.